மணிக்கட்டை விட்டுவிட்டு நெஞ்சைப் பாருங்கள்

மில்லில் எல்லோருக்கும் அவர் கம்பவுண்டர்தான். படித்தது செவிலியர் படிப்பு. ஆனால் ராஜபாளையம் பஞ்சாலைகளில் ஆம்புலன்ஸ் அறையில் உட்கார்ந்திருக்கும் எந்த ஆணுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். ஐந்நூறு பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஆலையில் அப்படி ஓர் அறை இருக்க வேண்டும் என்று விதித்தது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம். முதலுதவிப் பெட்டிக்குப் பொறுப்பானவர் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. அந்தச் சான்றிதழுக்கான வகுப்புகள் எடுத்தே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன அவருக்கு. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். பகலில் மில், ஆடி மாதத்தில் கோயில் திருவிழா முதலுதவிப் பந்தல், நடுவில் சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக் கூடங்களில் பயிற்சி. பெயர் போட வேண்டாம் என்றார். நாமும் கம்பவுண்டர் என்றே சொல்லிக்கொள்வோம்.

ஒவ்வொரு வகுப்பையும் அவர் ஒரே கேள்வியோடுதான் தொடங்குவார். "ஒருத்தர் பேச்சுமூச்சு இல்லாம கிடக்காரு. மொதல்ல எதைப் பாப்பீங்க?"

பதிலும் பெரும்பாலும் ஒன்றேதான். "நாடி பாப்போம்ணே." சொல்லி முடிப்பதற்குள் பலருடைய வலது கை தன்னுடைய இடது மணிக்கட்டைப் பிடித்திருக்கும்.

அது எங்கிருந்து வந்த பழக்கம் என்று தேட வேண்டியதில்லை. மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் பார்க்கும் சித்த வைத்தியர் எல்லா ஊரிலும் இருந்தார். சினிமாவிலும் டாக்டர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினால் குடும்பம் அழத் தொடங்கும். வைத்தியரைக் கம்பவுண்டர் குறை சொல்வதில்லை. வைத்தியர் பார்ப்பது எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் ஆளின் நாடியை. அவசரமில்லை, சத்தமில்லை, பார்ப்பவரின் கை நடுங்குவதில்லை. தரையில் விழுந்து கிடப்பவரின் நாடியைப் பதறிப்போன ஒருவர் தேடுவது முற்றிலும் வேறு வேலை.

தொண்ணூறுகளில் அவர் கற்றுக்கொண்டதும் கற்றுக்கொடுத்ததும் நாடியோடு சேர்ந்த பாடம்தான். மூச்சுப் பாதையைத் திறந்துவிடு, மூச்சைப் பார், பிறகு கழுத்தில் விரல் வைத்து நாடி பார். நாடி இல்லை என்றால் மட்டும் நெஞ்சை அமுக்கு. உலகம் முழுவதும் அப்போது இதே வரிசைதான். மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்தே அமுக்கி ரத்தத்தை ஓட வைக்கலாம் என்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த குவென்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் 1960இல் எழுதியதிலிருந்து, எப்போது அமுக்கத் தொடங்குவது என்ற கேள்விக்கு நாடியே காவலாளியாக நின்றது.

அந்தக் காவலாளியின் மேல் கம்பவுண்டருக்குச் சந்தேகம் வந்தது ரிங் பிரேம் ஓடும் கூடத்தில். இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் சொல்வது கேட்காது. நூல் அறாமல் இருக்க ஈரப்பதம் ஏற்றி வைத்த காற்று, அதனால் எல்லோர் கையும் பிசுபிசுக்கும். அங்கே ஒருநாள் நல்ல ஆரோக்கியமான மேஸ்திரி ஒருவரைப் படுக்க வைத்து, மற்றவர்களை அவர் கழுத்தில் நாடி தேடச் சொன்னார். சிலருக்குக் கிடைக்கவே இல்லை. இன்னும் சிலர் ஒரு துடிப்பைச் சரியாகவே எண்ணிச் சொன்னார்கள். அது மேஸ்திரியின் துடிப்பு அல்ல. தரை வழியே ஏறி வந்த மெஷினின் அதிர்வு.

பிறகு ரப்பர் பொம்மையைக் கொண்டு வந்தார். பயிற்சிக்காக நெஞ்சை அமுக்கிப் பழகும் பொம்மை. அதன் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடி, கழுத்து மட்டும் கைக்கு எட்டும்படி வைத்து, ஒவ்வொருவராக விரல் வைக்கச் சொன்னார். மாடியிலிருந்து ஓடிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டே வைக்க வேண்டும். உண்மையான அவசரத்தில் அப்படித்தானே இருக்கும். "இருக்குண்ணே, லேசா ஓடுது" என்று சொன்னவர்கள் எல்லா வகுப்பிலும் இருந்தார்கள். ரப்பரில் ஓடியது அவர்களுடைய சொந்த விரல் நுனியின் துடிப்பு. பதற்றத்தில் நம் இதயம் அடித்துக்கொள்ளும்போது விரலை அழுத்தி வைத்தால் நம்முடைய துடிப்பே நமக்குக் கேட்கும். கட்டை விரலை வைத்தால் இன்னும் நன்றாகவே கேட்கும்.

ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து மருத்துவர்கள் இதையே பொம்மை இல்லாமல் சோதித்திருந்தார்கள் என்று அவருக்குப் பின்னால்தான் தெரிந்தது. பைபாஸ் அறுவை சிகிச்சையின்போது இதயத்தை நிறுத்திவிட்டு, ரத்தத்தை இயந்திரம் ஓட்டிக்கொண்டிருக்கும். ஆள் உயிரோடு இருப்பார், கழுத்தில் துடிப்பு இருக்காது. துடிப்பு உள்ளதா இல்லையா என்பது உறுதியாகத் தெரிந்த இப்படிப்பட்ட 16 நோயாளிகளிடம், முதலுதவிப் பணியாளர்கள் 206 பேரை அழைத்து, எதுவும் சொல்லாமல் கழுத்தில் நாடி பார்க்கச் சொன்னார்கள். இவர்கள் வழிப்போக்கர்கள் அல்ல, இதற்காகவே பயிற்சி பெற்றவர்கள். பத்து விநாடிக்குள் ஏதோ ஒரு முடிவுக்கு வந்தவர்களே ஆறில் ஒருவர்தான். நாடி இல்லாதவர்களைத் தொட்ட 59 பேரில், பத்து விநாடிக்குள் "இல்லை" என்று சரியாகச் சொன்னவர் ஒரே ஒருவர். நாடி இருந்தவர்களைத் தொட்டவர்களிலோ கிட்டத்தட்ட பாதிப்பேர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. 1996இல் வந்த ஆய்வு இது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2000இல் வந்த சர்வதேச வழிமுறை, பொதுமக்கள் நாடி பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதற்குப் பதிலாக மூச்சு, இருமல், அசைவு என்று சில அறிகுறிகளைத் தேடச் சொன்னார்கள். அதுவும் குழப்பமாகத்தான் இருந்தது. 2005இல் இன்னும் சுருக்கினார்கள்: கூப்பிட்டால் அசையவில்லை, மூச்சு இயல்பாக இல்லை. இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் அமுக்கத் தொடங்கு. இன்றும் அடிப்படை இதுதான். இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் 2017இல் நம் நாட்டுப் பொதுமக்களுக்காக வகுத்த முறை இன்னும் எளிமையானது. வாயோடு வாய் வைத்து ஊதத் தேவையில்லை, கையால் அமுக்கினால் போதும் என்கிறது.

"நாடி பாக்காம எப்படிண்ணே இதயம் நின்னதுன்னு தெரியும்?" என்று வகுப்பில் யாராவது விடாமல் கேட்பார்கள். அவருக்குப் பிடித்த கேள்வி அது. இதயம் நின்றால் மூளைக்கு ரத்தம் போகாது. பத்து, பதினைந்து விநாடிக்குள் நினைவு தப்பும். மூச்சை நடத்துவதும் மூளைதான் என்பதால் சற்று நேரத்தில் அதுவும் நிற்கும், அல்லது தாறுமாறாகும். ஆகவே ஒருவர் நெஞ்சு சீராக ஏறி இறங்கினால், மூளைத் தண்டுக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, இதயம் ஓடுகிறது என்று பொருள். விரலால் தேட வேண்டியதைக் கண்ணால் பார்த்துவிடலாம். மறுபக்கம், இதயம் ஓடிக்கொண்டிருக்க மூச்சு மட்டும் நின்றிருந்தாலும் சில நிமிடங்களில் இதயமும் நின்றுவிடும். இரண்டு வழியாகப் பார்த்தாலும் முதலில் பார்க்க வேண்டியது நெஞ்சைத்தான்.

ஆனால் மூச்சிலும் ஒரு பொறி இருக்கிறது. அவருடைய வகுப்பில் பாதி நேரம் அதற்கே போகிறது.

சத்திரப்பட்டியில் நடந்தது இது. விசைத்தறிக் கூடம் ஒன்றில், முப்பது வயதுகூட ஆகாத ஒருவர் தறியின் ஸ்டார்ட்டர் பெட்டியில் கை வைத்தார். ஷாக் அடித்துக் கீழே விழுந்தார். யாரோ ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினார்கள். அங்கே சரியாக நடந்த முதல் காரியம் அது. விழுந்தவருக்குக் கை கால் வெட்டி இழுத்தது. உடனே ஒருவர் சாவிக்கொத்தை அவர் உள்ளங்கையில் திணித்தார். இதயம் நின்ற முதல் சில விநாடிகளில் இப்படி வலிப்பு போல இழுப்பது உண்டு. அதைக் காக்காய் வலிப்பு என்று நினைத்து இரும்பைத் தேடிப் போவதில்தான் நம் ஊரில் முதல் நிமிடம் வீணாகிறது. வலிப்புக்கே இரும்பு மருந்தல்ல என்பது தனிக் கதை.

இழுப்பு நின்றது. இன்னொருவர் மணிக்கட்டைப் பிடித்தார். "நாடி ஓடுது, பயப்படாதீங்க" என்றார். அதற்குத் துணையாக விழுந்தவரிடமிருந்து குறட்டை போல ஒரு சத்தம். "பாரு, மூச்சு விடுறான்" என்று கூட்டம் ஆறுதலடைந்தது. ஒருவர் சோடா வாங்க ஓடினார்.

அந்தக் கூட்டத்தில் கம்பவுண்டரின் வகுப்புக்கு வந்திருந்த ஒரு பெண் இருந்தார், கோன் சுற்றும் வேலை செய்பவர். அவர் விழுந்தவரின் சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சையும் வயிற்றையும் பார்த்துக்கொண்டு வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். ஒன்றில் ஒரு இழுப்பு. வாய் திறந்தது, தாடை கீழே இறங்கியது, கரையில் போட்ட மீனைப் போல. நெஞ்சு ஏறவில்லை. இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே போனார். ஒன்பதில் மறுபடி ஒரு இழுப்பு, அப்போதும் நெஞ்சு அசையவில்லை. அவர் அமுக்கத் தொடங்கினார்.

சண்டை அதன் பிறகுதான். "உசுரோட இருக்கவன் நெஞ்சை எதுக்குத்தா அமுக்குற?" என்று கையைப் பிடித்து இழுத்தார் நாடி பார்த்தவர். இதில் இன்னொரு சிக்கல், அமுக்க அமுக்க அந்த இழுப்பு அதிகமாயிற்று. மூளைக்குக் கொஞ்சம் ரத்தம் போனால் அப்படி ஆகும். நல்ல அறிகுறி அது. பார்ப்பவர்களுக்கோ ஆள் தேறிவிட்டார், இனி விட்டுவிடலாம் என்று தோன்றும். அந்தப் பெண் விடவில்லை. கண்ணைத் திறக்க வேண்டும், கையைத் தட்டிவிட வேண்டும், இல்லை நெஞ்சு தானாக ஏறி இறங்க வேண்டும், அதுவரை நிறுத்தக் கூடாது என்று வகுப்பில் கேட்டது அவருக்கு நினைவிருந்தது. கை ஓய்ந்ததும் இன்னொருவரை உட்கார வைத்தார். 108 வந்தது. அதில் இருந்தவர்கள் ஏ.இ.டி. கருவியை ஒட்டினார்கள். ஷாக் கொடுக்கச் சொன்னது கருவி. இரண்டாவது ஷாக்கில் இதயம் சீரானது. ராஜபாளையம் போய், அங்கிருந்து மதுரை போய், சில வாரத்தில் அவர் வீடு திரும்பினார்.

கம்பவுண்டர் மறுநாளே அங்கே போய், நின்றவர்களைத் தனித்தனியாக விசாரித்து நோட்டில் எழுதி வைத்தார். மேலே சொன்ன வரிசை அந்த நோட்டில் உள்ளது. அவருக்கு முக்கியமாகப் பட்டது நாடி பார்த்தவரின் வாக்குமூலம். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே துடிப்பை உணர்ந்தார். யாருடைய துடிப்பு என்பதுதான் கேள்வி. ஷாக் அடித்த இதயம் பெரும்பாலும் அசைவற்று நிற்பதில்லை. தசை முழுவதும் ஒழுங்கில்லாமல் நடுங்கிக்கொண்டிருக்கும், ஒரு சொட்டு ரத்தத்தையும் வெளியே தள்ளாது. அந்த நிலையில் மணிக்கட்டுக்கு எதுவும் வந்து சேர வாய்ப்பில்லை.

இந்த இழுப்பு மூச்சு, திடீரென்று இதயம் நின்றவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் வரைக்கும் முதல் நிமிடங்களில் வருகிறது. அதை மூச்சு என்று எண்ணிக் காத்திருப்பதுதான் எங்கும் நடக்கும் பெரிய பிழை. வயதானவர் வீட்டில் விழுந்தால் நம் ஊரில் அது வேறு விதமாகவும் போகும். "உசுரு இழுத்துக்கிட்டு கிடக்கு" என்று சொல்லி, வரிசையாக உட்கார்ந்து வாயில் பால் ஊற்றுவார்கள். நீண்ட நாள் நோயில் கிடந்து போகிறவர் விஷயம் வேறு. அங்கே யாரும் எதையும் அமுக்க வேண்டியதில்லை. காலையில் கடைக்குப் போய்த் தினத்தந்தி வாங்கி வந்தவர் பத்து மணிக்கு விழுந்தார் என்றால் அந்தப் பால் நேரே நுரையீரலுக்குப் போகும். அப்படிப்பட்ட வீடுகளுக்குக் கம்பவுண்டர் போய்ச் சேர்ந்தபோது செய்வதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரதவீதிகளில் நிற்கவே இடமிருக்காது. விடியற்காலையில் விரதத்தோடு வந்து வெயிலில் நின்ற ஒரு அம்மா சரிந்து விழுந்தார். கூட்டத்தில் ஒருவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு "நாடியே இல்லை" என்று சத்தம் போட, மகள் அலறிவிட்டார். பந்தலிலிருந்து ஓடிய கம்பவுண்டர் மணிக்கட்டைத் தொடவே இல்லை. தோள் இரண்டையும் தட்டி, "ஆத்தா, ஆத்தா" என்று உரக்கக் கூப்பிட்டார். முனகல் வந்தது. சேலை மடிப்புக்கு மேலே வயிறு சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நிழலுக்குத் தூக்கிப் போய்ப் படுக்க வைத்து, காலை உயர்த்தி, கூட்டத்தை விலக்கினார்கள். ஐந்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து செருப்பைத் தேடினார். மயக்கத்தில் ரத்த அழுத்தம் இறங்கும்போது மணிக்கட்டு நாடி கைக்குத் தட்டுப்படாமல் போவது சாதாரணம். ஓடுகிற இதயத்தை நின்றது என்றும், நின்ற இதயத்தை ஓடுகிறது என்றும் சொல்லவைக்கும் ஒரு சோதனையை எதற்கு நம்ப வேண்டும் என்பது அவர் வாதம்.

ஒரு தடவை பார்த்தால் போதாது என்பதற்கு அவர் வகுப்பில் காட்டுவது கால்பந்து மைதானம். 2021 ஜூன் 12, கோபன்ஹேகன், யூரோ கோப்பை ஆட்டம். டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் யாரும் மோதாமலே சரிந்தார். ஓடிவந்த அணி மருத்துவர் பார்த்தபோது மூச்சும் இருந்தது, நாடியும் இருந்தது. அதைப் பின்னர் அந்த மருத்துவரே சொன்னார். சட்டென்று நிலைமை மாறியது, நெஞ்சை அமுக்கத் தொடங்கினார்கள், ஷாக் கொடுத்தார்கள், எரிக்சன் பிழைத்தார். மீண்டும் ஆடவும் வந்தார். அங்கே இருந்தவர்கள் "நாடி இருக்கிறது" என்று கேட்டுவிட்டு எழுந்து போகவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுந்தவர் நன்றாக மூச்சு விட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு, வண்டி வரும்வரை கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும் என்று கம்பவுண்டர் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் பயிற்சி பெற்றவர்கள் நாடியே பார்ப்பதில்லையா? பார்க்கிறார்கள். மருத்துவர், செவிலியர், 108 பணியாளர் எல்லோரும் கழுத்தில்தான் பார்ப்பார்கள். குரல்வளையில் இரண்டு விரலை வைத்து, தன் பக்கமாகச் சரிய விட்டால் தசைக்கு முன்னால் ஒரு பள்ளம் வரும், அங்கே. அதே நேரம் கண் நெஞ்சின் மேல் இருக்கும். இரண்டுக்கும் சேர்த்துப் பத்து விநாடி, அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. சந்தேகமாக இருந்தால் இல்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு நாடி தேவைப்படும் இடம் வேறு. கண்மாயில் மூழ்கிய பிள்ளைக்கு மூச்சு முதலில் நிற்கும், இதயம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். நாடி இருந்து மூச்சு இல்லை என்றால் ஊதினாலே போதும், அமுக்க வேண்டியதில்லை என்று அவர்களால் பிரிக்க முடியும். பழக்கமில்லாதவர் அந்தப் பிரிவினைக்குள் இறங்க வேண்டாம். நீரில் மூழ்கியவருக்கு மட்டும், ஊதத் தெரிந்தவர் முதலில் ஊதிவிட்டு அமுக்குவது நல்லது. அங்கே குறைவது காற்றுதான்.

ஓடுகிற இதயத்தின் மேல் தவறாக அமுக்கிவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. அப்படித் தவறாக அமுக்கப்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், நூற்றுக்கு இரண்டு பேருக்கு எலும்பு முறிந்தது. உள்ளுறுப்புகளுக்குச் சேதமில்லை. பெரும்பாலும் ஆள் வலியில் கையைத் தட்டிவிடுவார், நிறுத்திக்கொள்ளலாம். அமுக்காமல் விட்டுவிட்டால் திருத்திக்கொள்ள வாய்ப்பே வராது.

உங்கள் வீட்டில், பஸ் ஸ்டாண்டில், தறிக்கூடத்தில் ஒருவர் விழுந்தால் செய்ய வேண்டியதை அவர் சொன்னபடியே எழுதுகிறோம். ஷாக் என்றால் முதலில் மெயினை இறக்குங்கள். தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். 108ஐ அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வையுங்கள். நெற்றியைச் சாய்த்துத் தாடையைத் தூக்கிவிட்டு, துணியை விலக்கி, நெஞ்சையும் வயிற்றையும் பத்து எண்ணும் வரை பாருங்கள். அதற்குள் நெஞ்சு நன்றாக எழுந்து தாழும் மூச்சு குறைந்தது இரண்டு வந்திருக்க வேண்டும். வாய் மட்டும் திறந்து மூடுகிறது, நெஞ்சு எழவில்லை, அல்லது உங்களுக்கே நிச்சயமில்லை என்றால், நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மேலே இன்னொரு கையைக் கோத்து, ஐந்து சென்டிமீட்டர் இறங்கும்படி, நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது வேகத்தில் அமுக்குங்கள். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலே வர விடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். பக்கத்தில் யாராவது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு "ஓடுது" என்று சொன்னால், அவரை வாசலுக்குப் போய் ஆம்புலன்ஸுக்கு வழிகாட்டச் சொல்லி அனுப்பிவிடுங்கள்.